சுருங்கிய பையும் உப்பிய பையும்

இட்லி தோசை மாவுப் பையின் விளம்பரப் படங்கள் ஏறத்தாழ எல்லாம் ஒரே அமைப்பில்தான் இருக்கின்றன. ஒருபுறம் ஓரங்கள் அழுத்தி ஒட்டப்பட்டு, உடலெங்கும் சுருக்கம் விழுந்த ஒரு பிளாஸ்டிக் பை. மறுபுறம் வெள்ளைத் தட்டில் நான்கு இட்லி, அல்லது விளிம்பு சிவந்த ஒரு தோசை. இரண்டுக்கும் இடையே நடக்க வேண்டியது அதிகம் ஒன்றுமில்லை, கத்தரியும் அடுப்பும் போதும் என்று அந்தப் படம் சொல்கிறது. அது சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. பைக்கும் தட்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் வாயுதான். அந்த வாயு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே தட்டில் விழுவது இட்லியா, வெள்ளை வில்லையா என்பது முடிவாகிறது.

பாலையும் இதே போன்ற பையில்தான் விற்கிறார்கள். ஆனால் பால் பையின் நோக்கம் எளிது: உள்ளே போனது மாறாமல் வெளியே வர வேண்டும். மாவுப் பையின் நோக்கம் அவ்வளவு எளிதன்று. உள்ளே இருப்பது மாற வேண்டும். ஆனால் வாங்கிச் செல்லும் வரை மாறக்கூடாது. மாறத் தொடங்கினாலும் வேண்டிய அளவோடு நிற்க வேண்டும். கடைத் தட்டுகளில் அடுக்கப்படும் உணவுகளில் பெரும்பாலானவை வறண்டவை, கொதிக்க வைக்கப்பட்டவை, அல்லது உப்பிலும் சர்க்கரையிலும் அடக்கப்பட்டவை. அரைத்த மாவு மட்டும் உயிரோடு, மூச்சு விட்டுக்கொண்டே, ஒட்டிய பைக்குள் இருக்கிறது.

இந்தப் பையின் கதைக்குப் பெங்களூரு பொருத்தமான ஊர். அங்கே டிசம்பர், ஜனவரி மாத இரவுகளில் வெப்பம் 15, 16 டிகிரி வரை இறங்கும். சென்னையில் இரவு எட்டு மணிக்குக் கரைத்து வைத்த மாவு காலையில் பாத்திரத்தின் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பெங்களூரில் அதே மாவு அதே நேரத்தில் அசைவற்றுக் கிடக்கும். வாடகை அறைகளில் தங்கிப் படிப்போருக்கும் வேலை செய்வோருக்கும் கிரைண்டரும் இல்லை, நேரமும் இல்லை. எனவே அரைத்த மாவைப் பிளாஸ்டிக் உறையில் ஊற்றி, வாயை ரப்பர் பேண்டால் கட்டி விற்கும் வழக்கம் அவ்வூரின் சிறு கடைகளில் முன்பே இருந்தது. 2005-இல் பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவினர்களும் ஏறத்தாழ 50 சதுர அடி இடத்தில் ஐடி ஃபிரெஷ் ஃபுட் நிறுவனத்தைத் தொடங்கியதற்குத் தூண்டுதல், கடையொன்றில் பார்த்த அந்த ரப்பர் பேண்டு உறைதான் என்பது அவர்களே பலமுறை சொல்லியுள்ள செய்தி. தூய்மையான, அச்சிட்ட, ஓரம் ஒட்டிய பை அதன் பிறகு பெருகியது. இன்று பல நிறுவனங்கள் அவ்வாறு விற்கின்றன.

ரப்பர் பேண்டை இகழ்வது எளிது. அதில் ஈக்கும் தூசிக்கும் இடமிருந்தது உண்மை. ஆனால் அந்தக் கட்டு ஒரு வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது: கசிந்தது. உள்ளே வாயு பெருகினால் கட்டின் மடிப்புகள் வழியே மெல்ல வெளியேறியது. வீட்டுப் பாத்திரத்தின் தளர்ந்த மூடியும் அதையே செய்கிறது. வெப்பத்தால் உருக்கி ஒட்டப்பட்ட ஓரம் அந்தக் கசிவை நிறுத்தியது. தூசி உள்ளே வராத வழி, வாயு வெளியே போகாத வழியாகவும் ஆயிற்று. பையின் சிக்கல்கள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

மாவு ஏன் பொங்குகிறது என்பதற்கு இன்றும் பலர் ‘ஈஸ்ட்’ என்று விடை சொல்வார்கள். ரொட்டிக்கு அது சரி. இட்லி மாவில் முதல் பங்கு பாக்டீரியாவுக்கு. முகர்ஜி, ஸ்டைன்கிராஸ் முதலியோர் 1965-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மாவு பொங்குவதற்கு இன்றியமையாதது லியூகோனோஸ்டாக் மெசென்டெராய்டிஸ் என்ற பாக்டீரியா. அதன் பின் பெருகுபவை புளிப்பைக் கூட்டுகின்றன. இவற்றை யாரும் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. உளுந்தோடும் அரிசியோடும் வந்து, ஊறும் நீரில் விழித்துக்கொள்கின்றன. லியூகோனோஸ்டாக் சர்க்கரையை உடைக்கும் முறை இது:

```
C6H12O6 → C3H6O3 + C2H5OH + CO2
```

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஒரு லாக்டிக் அமிலம், ஒரு எத்தனால், ஒரு கரியமில வாயு. புளிப்பும் பொங்கலும் ஒரே வினையின் இரு விளைவுகள். இதே சர்க்கரையை வேறு சில லாக்டிக் பாக்டீரியாக்கள் முழுக்க அமிலமாக மட்டுமே மாற்றும். அவை வாயு தருவதில்லை. மாவு நன்றாகப் புளித்தும் பொங்காமல் கிடப்பதற்கு ஒரு காரணம் அதுதான்.

அளவு எவ்வளவு என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது பயன்தரும். 180 கிராம் குளுக்கோஸ் மேற்கண்ட வழியில் உடைந்தால், அறை வெப்பத்தில் ஏறத்தாழ 25 லிட்டர் கரியமில வாயு கிடைக்கும். அப்படியானால் ஒரு கிராமுக்கு 140 மில்லிலிட்டர் அளவு. ஒரு கிலோ மாவுள்ள பையில் ஒரு கிராம் சர்க்கரை என்பது ஒன்றுமே இல்லை, கால் தேக்கரண்டி. அந்தக் கால் தேக்கரண்டி தரும் வாயு ஒரு சிறிய தேநீர்க் குவளையை நிரப்பும். வீட்டுப் பாத்திரத்தில் மாவு இரு மடங்காகப் பொங்க, இது போல எட்டுப் பத்து கிராம் சர்க்கரை உடைய வேண்டும். பைக்குள் அவ்வளவு நடந்தால் பை தாங்காது. ஆகவே மாவை முழுக்கப் பொங்க விடாமல், வழியிலேயே நிறுத்திப் பையில் அடைத்து, உடனே குளிர்விக்க வேண்டியிருக்கிறது. மீதிப் பயணத்தை மாவு வாங்குபவரின் சமையலறையில் முடித்துக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. வாயு உருவாவது மட்டும் போதாது, மாவு அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். இந்த வேலை உளுந்தினுடையது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் சுசீலம்மாவும் ராவும் 1970-களில் செய்த ஆய்வுகள் இதற்குப் பொறுப்பானவை எவை என்று காட்டின: குமிழியின் சுவரில் படிந்து அதை உடையாமல் காக்கும் உளுந்தின் புரதம், அந்தச் சுவருக்குப் பிசுபிசுப்பும் உறுதியும் தரும் அராபினோகேலக்டன் என்ற பல்சர்க்கரை. பழைய அரிசி, புது அரிசி என்று நீண்ட வாதம் செய்யும் வீடுகளில்கூட, ‘உளுந்து கண்ட மாவு’ என்ற சொல் வந்ததும் வாதம் அடங்கிவிடும். உளுந்தை ஏன் தனியாக, குளிர்ந்த நீர் தெளித்து, பொங்கப் பொங்க அரைக்கிறார்கள் என்பதற்கும் விடை இதுவே. அரிசி இட்லிக்கு உடலைத் தருகிறது. உளுந்து குமிழிக்குத் தோலைத் தருகிறது.

ஆக, பைக்குள் வாயு இருக்கக்கூடிய இடங்கள் மூன்று. மாவின் நீரில் கரைந்திருக்கலாம். உளுந்தின் தோல் போர்த்திய குமிழிகளாக மாவுக்குள் இருக்கலாம். குமிழி உடைந்து மேலே ஏறி, மாவுக்கும் பைக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் சேர்ந்திருக்கலாம். இட்லிக்குப் பயன்படுவது முதல் இரண்டு மட்டுமே. மூன்றாவது இடத்தில் இருப்பது இட்லியிலிருந்து ஏற்கெனவே விடைபெற்றுவிட்ட வாயு. பை தலையணை போல் உப்பியிருக்கிறதே, இட்லியும் நன்றாக உப்பும் என்று எண்ணுவது இயல்பு. நடப்பது பெரும்பாலும் அதற்கு நேர்மாறு.

முதல் இடத்தைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. கரியமில வாயு குளிர்ந்த நீரில் நன்றாகக் கரையும், சூடேறினால் வெளியேறும். சோடா பாட்டிலைக் கடும் வெயிலில் வைத்துத் திறந்தவர்களுக்கு இது தெரியும். இயல்பான வளிமண்டல அழுத்தத்தில், 5 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 1.4 லிட்டர் கரியமில வாயுவை ஏற்கும். 30 டிகிரியில் 0.66 லிட்டர் அளவுக்குத்தான். ஒரு கிலோ மாவில் 600 மில்லிலிட்டர் நீர் இருப்பதாக வைத்துக்கொண்டால், நன்கு குளிர்ந்த நிலையில் அது 800 மில்லிலிட்டருக்கும் மேல் வாயுவை விழுங்கி வைத்திருக்க முடியும். அறை வெப்பத்துக்கு வந்ததும் அதில் பாதியைத்தான் வைத்திருக்க முடியும். மாவு முழுமையாக நிறைவுற்றிருந்தால் மட்டுமே இந்த அளவுகள் பொருந்தும். இருந்தாலும் போக்கு எந்தத் திசையில் என்பதில் ஐயமில்லை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த பை, புதிதாக ஒரு துளி சர்க்கரைகூடப் புளிக்காமலே, சற்று நேரத்தில் உப்பத் தொடங்கலாம்.

இதன் மறுபக்கம்தான் சுருக்கம். சிறிது வாயு சேர்ந்த பையைக் குளிரில் வைத்தால், வெற்றிடத்தில் இருந்த கரியமில வாயு மாவின் நீருக்குள் திரும்பக் கரைகிறது. பையில் காற்று குறைவாக இருந்தால், உறை மாவோடு ஒட்டி, மடிந்து, சுருங்குகிறது. விளம்பரப் படத்தில் காணும் அந்தச் சுருக்கங்களில் சில நிரப்பும் இயந்திரம் தந்தவை. சில, குளிர் தந்தவை. ஆழ்ந்த சுருக்கத்தோடு மாவின்மேல் படிந்து கிடக்கும் பை குளிராக இருக்கிறது என்பது மட்டும் அதிலிருந்து தெரியும். எப்போதும் குளிராகவே இருந்ததா என்பது தெரியாது. கடைக்காரர் இரவில் குளிர்பெட்டியை அணைத்துவிட்டுக் காலையில் போட்டால், இரவில் உப்பிய பை காலை பத்து மணிக்குள் மறுபடியும் சுருங்கி நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். பையின் தோற்றம் அதன் வரலாற்றை மறைத்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, தட்டையாக இருக்கும் பையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது போதாது.

மறைந்த வரலாறு முழுவதும் மறைவதில்லை. மாவு ஒருமுறை நுரைத்து ஏறி இறங்கியிருந்தால், பையின் உட்புறத்தில், மேல் ஒட்டுக்கு அருகே, மெல்லிய வெள்ளைப் படலம் காய்ந்து நிற்கும். ஆற்றங்கரையில் வெள்ளம் வந்த உயரத்தைக் காட்டும் கோடு போல. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அடியிலோ நடுவிலோ தெளிந்த நீர் தனியே பிரிந்திருப்பது தெரியலாம். குமிழித் தோல்கள் தளர்ந்து, பிடித்து வைத்த நீரை விட்டுவிட்டதன் அடையாளம் அது. ஓர ஒட்டையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பையின் உடலில் சுருக்கம் குற்றமில்லை. ஒட்டில் சுருக்கம் குற்றம். இரு தாள்களும் ஒன்றன்மேல் ஒன்று சமமாகப் படியாமல் மடிந்து ஒட்டினாலோ, நிரப்பும்போது சிந்திய மாவு ஒட்டின் நடுவே அகப்பட்டாலோ, அந்த இடத்தில் முடி அளவுக்கு ஒரு வாய்க்கால் உண்டாகிவிடும். அப்படிப்பட்ட பை ஒருபோதும் உப்பாது. உப்பாத அந்தப் பைதான் கடைத் தட்டில் எல்லாவற்றையும்விட அழகாகத் தெரியும். ஆனால் உள்ளே காற்றும் பூஞ்சை வித்தும் போய் வந்துகொண்டிருக்கும்.

மல்லேஸ்வரத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்த ஆய்வு மாணவிகள் இருவருக்கும், கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்காரத் தமிழ் மூதாட்டிக்கும் இடையே ஒரு மாவுப் பை பேச்சுப்பொருளானது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு கிலோ பை. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு வாங்கியது. பையில் அச்சிட்ட நாளின்படி இன்னும் மூன்று நாள் இருந்தது. வாங்கிய மாணவி நூலகத்துக்குப் போய், நண்பர்களைப் பார்த்து, இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்பினாள். பை மூன்றரை மணி நேரம் தோள்பையில் இருந்தது. வீட்டில் எடுத்துப் பார்த்தபோது மூலைகள் விறைத்து, எழுத்துகள் இழுபட்டு, பை பந்து போல் ஆகியிருந்தது. கெட்டுவிட்டது என்று முடிவு செய்து கீழே இருந்த குப்பைக் கூடையில் வைத்தார்கள்.

மூதாட்டி அதைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறி வந்தார்.

“ஏம்மா, பொங்கினதுக்கா மாவைத் தூக்கிப் போட்டே?”

“உப்பிப் போச்சு பாட்டி. டின் உப்பினா சாப்பிடக் கூடாதுன்னு சொல்வாங்களே, அதான்.”

டின் உப்பினால் அஞ்ச வேண்டும் என்பது சரியான பாடம். மாவுப் பைக்கு அது பொருந்தாத பாடம். டின்னுக்குள் உயிர் எதுவும் இருக்கக்கூடாது. அங்கே வாயு உண்டானால், கொல்லப்பட்டிருக்க வேண்டிய ஏதோ ஒன்று பிழைத்திருக்கிறது என்று பொருள். அமிலம் குறைந்த உணவில் அது உயிருக்கே ஆபத்தான நஞ்சை உண்டாக்கும் நுண்ணுயிராகவும் இருக்கலாம். மாவுப் பையில் வாயு உண்டாவது, இருக்க வேண்டியவை இருக்கின்றன என்பதற்கான அடையாளம். புளித்த இட்லி மாவின் அமிலநிலை பொதுவாக 4.5-ஐ ஒட்டி இறங்கிவிடும். அந்தப் புளிப்பில் டின் உணவின் அந்த எதிரி வளராது. ஒரே தோற்றம், இரண்டு பொருள். படித்தவர்களே இந்த இடத்தில் தடுக்கி விழுவதில் வியப்பில்லை. பொது அறிவுப் பாடங்கள் விளைவைச் சொல்லிக் காரணத்தை விட்டுவிடுகின்றன.

மூதாட்டி செய்தது சுருக்கமானது. பையின் ஒரு மூலையைக் கத்தரியால் மெல்ல நறுக்கினார். புஸ்ஸென்று காற்று போனது. அந்தக் காற்றை முகர்ந்தார், மோர் வாசனை. உள்ளே நிறத்தைப் பார்த்தார், வெண்மை. விரல் நுனியில் எடுத்துத் தேய்த்தார். நூல் போல் இழுபடவில்லை. பிறகு ஒரு குழிக்கரண்டி மாவை மட்டும் எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்து இட்லிப் பானையில் வேக வைத்தார். வந்தது மூன்று விரல் உயரம் வரவேண்டிய இடத்தில் ஒன்றரை விரல் உயரம். ஓட்டைகள் பெரியவையாக, சீரற்றவையாக இருந்தன. அவர் தீர்ப்புச் சொன்னார்: “இது இனிமே இட்லிக்கு வராது. ஊத்தப்பத்துக்குத் தங்கம் மாதிரி வரும்.” மறுநாள் காலை வெங்காயமும் பச்சை மிளகாயும் தூவி அப்படியே ஆயிற்று.

அவருடைய தீர்ப்பின் காரணம் மேலே சொன்ன மூன்று இடங்களில் இருக்கிறது. மூன்றரை மணி நேர வெப்பத்தில் வாயு நிறைய உண்டாகியது, கரைந்திருந்ததும் வெளியேறியது. நகரப் பேருந்தின் குலுக்கலில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து உடைந்தன. மாவுக்குள் இருக்க வேண்டிய வாயு பையின் மேற்பகுதிக்குப் போயிற்று. கத்தரி பட்டதும் அது மல்லேஸ்வரத்துக் காற்றோடு கலந்துவிட்டது. எஞ்சியது நன்றாகப் புளித்த, சுவையான, ஆனால் காற்றிழந்த மாவு. இட்லிக்கு வேண்டியது நூற்றுக்கணக்கான சிறு குமிழிகள். ஆவியின் வெப்பத்தில் அவை விரியும்போதே சுற்றிலும் உள்ள அரிசி மாவு வெந்து இறுகி, அந்த உருவத்தை நிலைநிறுத்த வேண்டும். தோசைக்கும் ஊத்தப்பத்துக்கும் அந்தக் கட்டாயம் குறைவு. கல்லின் சூட்டில் நீர் ஆவியாகித் தானே துளைகளை உண்டாக்கும். கூடுதல் புளிப்பு அங்கே குறையும் ஆகாது.

கெட்ட மாவு என்று ஒன்று இல்லையா? உண்டு, அதை உப்பலைக் கொண்டு அறிய முடியாது என்பதுதான் செய்தி. இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு, பச்சை என எந்த நிறப்புள்ளி தெரிந்தாலும், அந்தப் பகுதியை மட்டும் வழித்தெறிந்துவிட்டு மீதியைப் பயன்படுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரிவதைவிடப் பூஞ்சை ஆழமாகப் போயிருக்கும். மோர் வாசனைக்குப் பதில் அழுகல் வாசனையோ நகப்பூச்சு நீக்கியின் வாசனையோ வந்தால் முழுப் பையையும் விட்டுவிட வேண்டும். இந்தச் சோதனைக்கு மூக்கு தேவை. அச்சிட்ட தேதி வந்ததும் வீடுகளில் முதலில் ஓய்வு பெற்றது அந்த மூக்குதான் என்று தோன்றுகிறது.

தேதியைப் பற்றியும் ஒரு சொல். பையில் இருப்பது உண்மையில் தேதி மட்டுமன்று. ‘குளிர்பதனத்தில் வைக்கவும்’ என்ற சிறு எழுத்து வரியும் அதனோடு சேர்ந்ததே. இரண்டும் ஒரே வாக்கியத்தின் இரு பாதிகள். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும் என்பது பொது விதி. அதன்படி 5 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையே குறைந்தது ஐந்தாறு மடங்கு வேறுபாடு. பதினைந்து மடங்கு வரையும் போகலாம். மாவு உண்மையிலேயே 30 டிகிரியை எட்டிய பிறகு கழியும் ஒவ்வொரு மணி நேரமும் குளிர்பெட்டியின் ஐந்தாறு மணிக்காவது சமம். தோள்பையில் இருந்த மூன்றரை மணியில் முதல் ஒன்றிரண்டு மணி மாவு சூடேறுவதற்கே செலவாகியிருக்கும். அதைத் தள்ளிவிட்டாலும், பையின் ஆயுளில் அரை நாளேனும் அந்த மாலையில் கழிந்துவிட்டது. தேதி அச்சிட்டவருக்கு அது தெரிய வழியில்லை. பை ஆலையிலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் எங்கேனும் ஒரு கண்ணி அறுந்தாலும், தேதி அப்படியே நிற்க மாவு மட்டும் முன்னே போய்விடும்.

இதற்குத் தொழில்நுட்பத் தீர்வு இல்லாமல் இல்லை. காப்பித்தூள் பைகளில் பொத்தான் அளவில் ஒரு வழித் திறப்பு வைத்திருப்பார்கள். உள்ளிருந்து வாயு போகும், வெளியிலிருந்து காற்று வராது. மாவுப் பைக்கும் அது பொருந்தும். ரப்பர் பேண்டு இலவசமாகச் செய்ததைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குவது போன்றது அது. ஆனால் அந்தத் திறப்பு பை வெடிப்பதைத்தான் தடுக்கும், இட்லியைக் காப்பாற்றாது. வெளியே போன வாயு போனதுதான். தவிர, பல அடுக்குப் பிளாஸ்டிக் பைகளை மறுசுழற்சி செய்வதே கடினம். அதில் இன்னொரு பிளாஸ்டிக் துண்டை ஒட்டுவது அந்தக் கடினத்தைக் கூட்டும். இட்லிக்கு உண்மையில் உதவுவது குளிர்ச் சங்கிலி மட்டுமே.

வீட்டுக்கு வந்த பின் செய்யக்கூடியவை சில உண்டு. உப்பாத, குளிர்ந்த பையை உடனே வெட்டி ஊற்றினால் இட்லி கனமாக வரும். குளிரில் வாயு நீருக்குள் ஒளிந்திருப்பதால் குமிழிகள் சிறுத்துக் கிடக்கும். மாவைப் பையிலிருந்து அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, மூடி, ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் வெளியே வைத்தால், கரைந்த வாயு மாவுக்குள்ளேயே குமிழிகளாகப் பிரிந்து அவற்றைப் பெருக்கும்; நின்றிருந்த புளிப்பும் மெல்ல மறுபடி தொடங்கும். பாத்திரத்தில் மாவு சற்று உயர்ந்ததும் ஊற்ற வேண்டும். இடையில் கலக்கக் கூடாது. கரண்டியை அடிவரை விட்டுச் சுழற்றுவது, உளுந்து பாடுபட்டுக் கட்டிய தோல்களைக் கிழிப்பதாகும்; உப்புச் சேர்க்க வேண்டியிருந்தால் மாற்றும்போதே சேர்த்துவிடலாம். தட்டில் ஊற்றும்போது பாத்திரத்தின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எடுத்துக்கொண்டு போனால், மறுபக்கம் நுரை குலையாமல் இருக்கும். வீடுகளில் எப்போதும் இப்படித்தான் எடுத்தார்கள். காரணம் கேட்டால் ‘மாவு நீர்த்துப் போகும்’ என்பார்கள், காரணம் சரிதான்.

மல்லேஸ்வரத்து வீட்டில் அந்த டிசம்பரில் வேறொரு பயனும் கண்டார்கள். கீழ்த்தளத்தில் அரைத்த மாவு 16 டிகிரி இரவில் பொங்க மறுத்தது. மாடியில் இருந்து வந்த பையின் கடைசி மாவு, மூன்று தேக்கரண்டி அளவு, அதில் கலக்கப்பட்டது. ஏற்கெனவே பெருகி நிற்கும் நுண்ணுயிர்கள் நேரடியாகச் சேர்வதால், முதல் சில மணி நேரத் தயக்கம் அந்த மாவுக்கு இல்லாமல் போகிறது. கடைமாவில் பாதுகாப்பு வேதிப்பொருள் சேர்த்திருந்தால் இந்த உதவி நம்பத்தக்கதன்று. சேர்க்காத மாவாக இருக்க வேண்டும். அதிகம் கலந்தாலும் ஆகாது. பழைய மாவின் புளிப்பு புது மாவை இரவு முடியும் முன்பே தாண்டிவிடும். அரைத்த மாவு இரண்டு கிலோ என்றால் மூன்று தேக்கரண்டி போதும். பாத்திரத்தைத் துணியால் சுற்றி, இரவு முழுதும் குளிர் படாத மூலையில் வைத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு மூடி ஒரு விரல் உயரம் எழும்பியிருந்தது.